மட்டி கரையவில்லை

நவரட்ணராஜா சேர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, மழைக்காலம். வடக்கே கிளிநொச்சியைச் சுற்றி ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கண்டியில் நாங்கள் பஸ்ஸில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழகத்தில் சேர் சூழல் இரசாயனம் படிப்பித்தார். நான் அதே பகுதியில் ஆய்வுகூடப் போதனாசிரியர். மாணவர்களுக்குக் கரைசல் கலந்து கொடுப்பது, அவர்கள் உடைக்கும் கண்ணாடிக்குக் கணக்குக் காட்டுவது, அவர்களுடைய முட்டாள்தனத்துக்குக் கோபப்படுவது, இவைதான் என் வேலை. கடைசி வேலையை நான் நன்றாகச் செய்வேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வருடம் சேர் ஒரு கட்டுரை கொடுத்தார். கடல் அமிலமாதலும் காபனேற்றுச் சமநிலையும், ஓடு கட்டும் உயிர்களுக்கு அதனால் வரும் கேடும். எல்லோரும் இணையத்தில் இருந்து எடுத்து எழுதி நீட்டினார்கள். சிவமணி மட்டும் என்னிடம் வந்து நின்றான். யாழ்ப்பாணத்துப் பொடியன். தாய் தகப்பன் இருவரும் இராணுவம் வடக்குப் பாதையைப் பூட்டிய பிறகு அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். இங்கே குண்டசாலையில் அக்கா கமலாசனியோடு ஓர் அறையில் இருந்தான். அவள் ஒரு தனியார் பாடசாலையில் கணக்கு படிப்பித்தாள்.

"மிஸ், எல்லாரும் பசுபிக் சமுத்திரத்தைப் பற்றித்தான் எழுதினம். எங்கட கடலை ஆரும் அளந்ததாத் தெரியேல்லை. நான் கற்பிட்டிக் கடலுக்குப் போய் அளக்கட்டோ?"

"ஒனக்கென்ன பைத்தியமா? இந்த நேரத்திலயா?" என்றேன்.

பிறகு நானே எல்லாம் கட்டிக்கொடுத்தேன். அவன் கேட்ட விதம் அப்படி. கடல் நீரை எடுத்த இடத்திலேயே ஒரு பகுதியை அளந்துவிட வேண்டும். மீதியைக் கொண்டுவருவதானால் அதற்குள் இருக்கும் கிருமிகளைக் கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை போத்தலுக்குள்ளேயே மூச்சு விட்டு நீரின் காபனீரொட்சைட்டை, அதாவது கரியமில வாயுவை, கூட்டிவிடும், கற்பிட்டியில் எடுத்த நீர் கண்டிக்கு வரும்போது வேறு நீராகிவிடும். அதனால் சின்னக் குப்பியில் கொஞ்சம் பாதரச உப்புக் கரைசல் கொடுத்தேன், மண்டையோடு போட்ட லேபலோடு. அங்கேயே அளக்க ஒரு பி.எச். மீற்றர், நீரின் காரத்தன்மையை அளக்க ஒரு போத்தல் ஐதரோகுளோரிக்கமிலம். அமிலம் என்றால் பயப்படாதீர்கள். அவ்வளவு மெலிதானது, விரலை விட்டுவிட்டு வெளியே எடுத்துக் கழுவினால் ஒன்றும் தெரியாது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் இதைவிட அதிகம் எரியும்.

அவன் போய், அளந்து, இரண்டு கேன் கடல் நீரும் ஒரு பை மட்டியும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினான். கண்டிக்குள் நுழையும் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, மண்டையோட்டுக் குப்பி, அமிலப் போத்தல், வயர் தொங்கும் மீற்றர். வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலையில்தான் எங்களுக்குச் செய்தி வந்தது. கமலாசனி டிப்பார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பின்னேரம் கொழும்பிலயிருந்து வான் வண்டி ஒண்டு வருமாம், அக்கா. ஏத்திப் போட்டினம் எண்டால் பிறகு எங்கை வச்சிருக்கினம் எண்டே தெரியாதாம். இங்கை இருக்கிற இன்ஸ்பெக்டர் கம்பஸ்காரர் வந்து பொறுப்பெடுத்து விளங்கப்படுத்தினால் வாக்குமூலம் எழுதிப்போட்டு விடலாம் எண்டு சொன்னவர்."

அவள் சொன்னது அவ்வளவுதான். வான் வருமுன் விளங்கப்படுத்த வேண்டும். ஒரு பொலிஸ்காரருக்குக் காபனேற்றுச் சமநிலையை விளங்கப்படுத்தினால் ஒரு பொடியன் வீட்டுக்கு வருவான். இல்லையென்றால் வரமாட்டான். இத்தனை வருடப் படிப்பில் எனக்கு வந்த ஆகப் பெரிய பரீட்சை அதுதான்.

சேர் உடனே தயாரானார். ஜக்கெட் போட்டார், டை கட்டினார். ஆய்வுகூடத்துக்குள் போய்த் தன் தோல் பையில் எதையோ வைத்துப் பூட்டிக்கொண்டு வந்தார். நான் அமிலத்தில் நிறம் மாறும் பீனோல் சிவப்புக் காட்டியும் இரண்டு கண்ணாடிக் கோப்பையும் கன்ரீனில் ஒரு பிடி ஸ்ட்ரோவும் எடுத்துக்கொண்டேன். சேருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய சிங்களத்தில் யாழ்ப்பாணம் கேட்கும். என் சிங்களத்தில் எங்கள் ஊர் அலவத்துகொடைச் சந்தை கேட்கும், அதற்குப் பொலிஸ்காரர் முறைக்க மாட்டார். ஆகவே பேச்சு என்னுடையது என்று முச்சக்கரவண்டியில் போகும்போதே முடிவாயிற்று. முடிவாயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

போகிற வழியில் அவர் கையைப் பிசைந்துகொண்டே வந்தார்.

"பிள்ளை, றமீலா, நான்தானே இந்தக் கட்டுரையைக் குடுத்தனான். சொந்தமா அளந்தால் கூடப் புள்ளி எண்டும் சொன்னனான்."

"நீங்க புள்ளிதானே சேர் குடுத்தீங்க, குண்டு குடுக்கல்லயே. அழாம வாங்க."

பொலிஸ் நிலையத்து இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது மனிதர். மேசையில் பிள்ளைகளின் படம் ஒன்று. கேன் இரண்டும் மூலையில் இருந்தன. மட்டிப் பை நாறத் தொடங்கியிருந்தது. குப்பியையும் அமிலப் போத்தலையும் காகிதத்தில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து மேசையில் வைத்திருந்தார்கள். சிவமணி சுவரோடு கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் அடி தெரியவில்லை. ஆனால் ஒரு கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தான். கமலாசனியை உள்ளே விடவில்லை, வாசல் மரத்தடியில் நின்றாள்.

"இந்த இரண்டையும் திறக்க முடியாது," என்றார் இன்ஸ்பெக்டர், முத்திரை வைத்ததைக் காட்டி. "பகுப்பாய்வாளருக்குப் போகவேண்டியது. ஆனால் இவனை அனுப்புவதா இல்லையா என்று நான் எழுதவேண்டும். எனக்கும் ஒரு மகன் ஏ.எல். வகுப்பில் படிக்கிறான், மிஸ். சொல்லுங்கள், கேட்கிறேன். இது எதற்கு?"

நல்ல வார்த்தை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு வார்த்தையை ஒரு நிலையத்தில் கேட்பது ஆயிரத்தில் ஒன்று.

நான் சொன்னேன். லொறியிலும் ஆலையிலும் விடுகிற புகையில் உள்ள காபனீரொட்சைட்டில் கால்வாசிக்கு மேல் கடல் குடித்துவிடுகிறது என்றேன். குடித்ததும் அது நீரோடு சேர்ந்து காபோனிக்கமிலம் ஆகிறது. அந்த அமிலம் ஐதரசன் அயனை விடுகிறது. கடலில் ஏற்கெனவே காபனேற்று என்று ஒன்று இருக்கிறது. மட்டியும் சிப்பியும் பவளமும் அதையும் கல்சியத்தையும் சேர்த்துத்தான் ஓடு கட்டுகின்றன. விட்ட ஐதரசன் அயன் போய் அந்தக் காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக்கிவிடுகிறது. இருகாபனேற்று கடலில் எக்கச்சக்கம், ஆனால் ஓடு கட்ட வேண்டியது காபனேற்று, அதுதான் குறைகிறது.

"வீடு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள் சேர்," என்றேன் இன்ஸ்பெக்டரிடம். "சீமெந்து இருக்கிறது, மணல் இருக்கிறது. ஆனால் வாசலில் கிடக்கும் செங்கல்லை எவனோ ஒருவன் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறான். மேசனுக்கு எப்படி இருக்கும்?"

அவர் சிரித்தார். "எங்கள் வீட்டில் அது நடந்தது."

எனக்குத் தைரியம் வந்தது. பாதரசம் போடாதது என்று எழுதியிருந்த கேனில் இருந்து ஒரு கோப்பை கடல் நீர் எடுத்தேன். அதற்கு அவர் தடை சொல்லவில்லை. பீனோல் சிவப்பு சில துளி விட்டேன். நீர் நல்ல ரோஸ் நிறமானது.

"இது கடலின் நிறம். அமிலமில்லை, கொஞ்சம் காரம். இப்போது நீங்களே ஊதுங்கள்."

அவர் ஸ்ட்ரோவை எடுத்தார். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கன்னம் உப்ப ஊதினார். குமிழி வந்தது. ரோஸ் வெளிறி, செம்மஞ்சளாகி, மஞ்சளானது.

"என் மூச்சா?"

"உங்கள் மூச்சில் இருக்கும் காபனீரொட்சைட்டுத்தான். லொறிப் புகையிலும் அதேதான்."

அந்த மஞ்சள் நீரை ஒரு கோப்பையில் இருந்து மற்றக் கோப்பைக்கு, தேத்தண்ணி ஆற்றுவதுபோல் உயரத் தூக்கி ஊற்றி ஊற்றி ஆற்றினேன். வாயு வெளியே போகப்போக நீர் மெல்ல மெல்ல ரோஸுக்குத் திரும்பியது. இதுதான் சமநிலை, கூட்டினால் அந்தப்பக்கம், குறைத்தால் இந்தப்பக்கம் என்றேன். கான்ஸ்டபிள் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். சிவமணி கூட என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். இன்ஸ்பெக்டர் பேனையை எடுத்துத் தாளை இழுத்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் மட்டிப் பைக்குள் கையை விட்டார்.

"அப்படியானால் இதைப் போட்டால் கரையுமா?"

மீண்டும் ஊதி மஞ்சளாக்கினார். ஒரு மட்டியைத் தூக்கி உள்ளே போட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மட்டி கோப்பையின் அடியில் கிடந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. மின்விசிறி சுற்றியது. அவர் குனிந்து பார்த்தார். கோப்பையைத் தட்டிப் பார்த்தார்.

"ஒன்றும் நடக்கவில்லையே, மிஸ்."

"இப்போது நடக்காது சேர். இந்த நீரில் ஓடு கரையும்தான், ஆனால் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு மெதுவாக. நிஜக் கடல் இவ்வளவுக்குக் கெட்டும் போகவில்லை. நூறு நூற்றைம்பது வருடத்தில் பி.எச். எட்டு தசம் இரண்டில் இருந்து எட்டு தசம் ஒன்றுக்குத்தான் வந்திருக்கிறது. கடல் இன்னும் காரம்தான். வளர்ந்த மட்டிக்கு ஓட்டுக்கு மேலே தோல் வேறு இருக்கிறது. முதலில் அடிபடுவது குஞ்சு. முட்டையில் இருந்து வந்த முதல் இரண்டு நாளில் அது தன் முதல் ஓட்டைக் கட்டவேண்டும். சீக்கிரம் கரையக்கூடிய ஒரு வகையால்தான் கட்டும். காபனேற்றுக் குறைந்தால் அதற்குக் கட்டிமுடிக்கச் சக்தி போதாமல் செத்துப்போகும். அதை யாரும் பார்க்க மாட்டார்கள். சில வருடத்துக்குப் பிறகு வலையில் மட்டி குறைவதைத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் இப்போதே அளக்கவேண்டும்."

உண்மை. ஒரு எழுத்து மிகையில்லை. ஆனால் சொல்லும்போதே எனக்குக் கேட்டது, அது ஒரு நிலையத்துக்குள் எப்படி ஒலிக்கிறது என்று.

"அப்படியென்றால்," இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார், "ஒன்றும் நடக்காத ஒன்றைப் பார்ப்பதற்கு, இந்தக் காலத்தில், ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் விஷமும் அமிலமும் எடுத்துக்கொண்டு கற்பிட்டிக்குப் போனான்?"

கேலியாகக் கேட்கவில்லை. யோசித்துத்தான் கேட்டார். பேனை இன்னும் கையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருந்தால்! திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன், மேசையில் குந்தியிருந்தாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்கக்கூடிய மனிதர். நான் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் நவரட்ணராஜா சேருக்குப் பொறுக்கவில்லை. அவர் நல்ல ஆசிரியர், அதுதான் கேடாகப் போயிற்று. இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் பின் வரிசைக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எதையும் பெருக்கிக் காட்டுவது அவருடைய வழக்கம். பாடப்புத்தகம் நீர் கலந்த ஐதான அமிலம் என்றால் அவர் செறிந்ததை ஊற்றுவார். பொங்கும், புகையும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். விளங்காத முகத்தைக் கண்டால் அவருக்குக் கை தன்பாட்டில் போத்தலுக்குப் போகும். இன்ஸ்பெக்டரின் முகத்தில் அவர் கண்டது பின் வரிசை முகம்.

தோல் பையைத் திறந்தார்.

"சேர், வாணா," என்றேன் தமிழில். "வாணா, மூடுங்க அத."

"இவங்களுக்குச் சமநிலை விளங்காது பிள்ளை. நுரை தெரிஞ்சால்தான் நம்புவாங்கள். நேரம் போகுது, வான் வரப்போகுது."

பிறகு தன் யாழ்ப்பாணத்துச் சிங்களத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "பாருங்கள் சேர், ஓடு உண்மையில் கரையும். நான் காட்டுகிறேன். முத்திரை வைத்த போத்தலில் இருப்பதும் இதே அமிலம்தான்."

இதே அமிலம்தான். பெயரைப் பார்த்தால் சரிதான், இரண்டும் ஐதரோகுளோரிக்கமிலம். செறிவைப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட நூறு மடங்குக்கு மேல். இரசாயனம் படித்தவர்களுக்கு அந்தத் தொகை பெரிய விசயம். படிக்காதவருக்கு அமிலம் அமிலம்தான்.

இன்னொரு மட்டியை வெறும் கோப்பையில் போட்டு ஊற்றினார். அறையே சீறியது. வெள்ளைப் புகை எழுந்து எல்லோருடைய மூக்கிலும் ஏறியது. நுரை பொங்கிக் கோப்பையின் விளிம்பைத் தாண்டி மேசையில் விழுந்தது, மேசை மெருகில் ஒரு வெள்ளைத் தழும்பு. கான்ஸ்டபிள்கள் கதவுக்கு ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து பிள்ளைகளின் படத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சேர் மட்டும் சிரித்த முகத்தோடு நின்றார், கைதட்டலுக்குக் காத்திருந்தவர் மாதிரி.

"பாத்தீங்களோ? கல்சியங்காபனேற்று கரைஞ்சு காபனீரொட்சைட்டு வருகுது!"

சமன்பாடு சரி. கடல் அப்படி இல்லை. அவன் செய்த வேலை அப்படி இல்லை. அவனுடைய போத்தல் அப்படி இல்லை. என்ன சொல்லி என்ன?

"ஒரு ஆளின் முகத்தில் பட்டால்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். குரல் மாறியிருந்தது.

சேரின் சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. "அது... எரியும். ஆனால் நாங்கள்..."

"ஒரு மனிதரின் கண்ணில்?"

சேர் போத்தலை மூடத் தொடங்கினார்.

நான் பாய்ந்தேன். என் சந்தைச் சிங்களத்தில் உள்ளதெல்லாம் கொட்டினேன். இது ஆய்வுகூடத்துப் போத்தல் சேர், நாங்கள் கொண்டுவந்தது, பையனிடம் இருந்தது தண்ணீர் மாதிரி, முத்திரையை உடையுங்கள், என் விரலை விடுகிறேன், வேண்டுமானால் குடித்துக் காட்டுகிறேன் என்று கத்தினேன். குடித்திருப்பேன். அந்த நேரத்தில் எதையும் செய்திருப்பேன்.

"உங்கள் பெரியவர் இதே அமிலம் என்று சொன்னார்," என்றார் அவர். பிறகு உட்கார்ந்தார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார், சேரைப் பார்த்தார். "சேர், நான் ஒன்றைத்தான் எழுதலாம். பையனிடம் இருந்ததும் இதுவும் ஒன்று என்றால் அதை எழுதுகிறேன். இல்லை, இது வேறு, இதை நீங்களே அனுமதியில்லாமல் ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் கொண்டுவந்தீர்கள் என்றால் அதை எழுதுகிறேன். அப்போது வானில் உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். எது?"

மிரட்டலா, கருணையா? எனக்கு இப்போதும் தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

நவரட்ணராஜா சேர் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். உதடு அசைந்தது. ஒரு சொல் வந்தால் போதும், "என்னுடையது" என்ற ஒரு சொல். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, இருதய வருத்தம், வீட்டில் படுக்கையில் மனைவி. எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல் வரவேண்டும் என்று நான் கேட்டேன், அல்லாஹ்விடம் கேட்டேன். அவர் மேசையில் இருந்த வெள்ளைத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது. கொச்சைச் சிங்களம், ஒவ்வொரு சொல்லாகக் கட்டிய சிங்களம்.

"இரண்டும் ஒன்றுதான், சேர்."

எல்லோரும் திரும்பினோம். சிவமணி எழுந்து நின்றான்.

"அடே, வாய மூடு!" என்றேன். "என்னடா செல்ற? ஒனக்கு நான்தானே கலந்து தந்த!"

அவன் என்னிடம் தமிழில் சொன்னான், அவ்வளவு பொறுமையாக. "மிஸ், நான் எப்பிடியும் போறன். சேரையும் ஏன் கொண்டுபோவான்? அவர் அங்கை ரெண்டு நாள் தாங்க மாட்டார். எனக்கு எப்பிடியெண்டு தெரியும், நேற்றுப் பாத்தனான்." தாங்கிப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். விரல்கள் வீங்கிப் போயிருந்தன. "அந்த ரெண்டு கேனில பாதரசம் போடாதது ஒண்டு இருக்கு. அதை இனி அளந்து பிரியோசனமில்லை, ஊத்திவிடுங்கோ. மற்றதை அளவுங்கோ. கொப்பியில எண்கள் இருக்கு."

அளக்கச் சொல்கிறான். எனக்கு அவனை இழுத்து இரண்டு அறை அறையவேண்டும்போல் இருந்தது, பிறகு மடியில் போட்டுக் கொஞ்சவேண்டும்போலும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுதினார். நான் மேசையில் கையை அடித்தேன். பொய், எல்லாம் பொய் என்றேன். என் அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன், பெயரை எழுதினார்கள், இன்னும் கத்தினேன். ஒரு பெண் கான்ஸ்டபிள் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வாசலுக்கு வரும்போது, "வாயை அடக்குங்கள் அக்கா, உங்களுக்கும் வீடு இருக்கிறதுதானே," என்று காதோடு சொன்னாள். சேர் உள்ளேயே கதிரையில் இருந்தார். அவரை யாரும் பிடிக்கவில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நீல நிற வான் ஒன்று நிலையத்தின் பின்பக்கமாகப் போய் நின்றது. கமலாசனி மரத்தடியில் இருந்து ஓடிவந்தாள். தெருவில் போன லொறி இரைச்சலில் அவள் நின்ற இடத்துக்கு என் கத்தல் கேட்டிருக்காது. முதலில் கான்ஸ்டபிள் சிரித்த சிரிப்புக் கேட்டிருக்கும்.

"சிரிச்சுக் கேட்டுது, அக்கா. சேர் செய்து காட்டினவரோ?"

"ம்."

"நம்பினவையோ?"

அவளுடைய முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

"நம்பிட்டாங்க," என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தலைமயிரில் நின்ற மழைத்துளியைத் துடைத்துவிட்டு, முன்வாசலைப் பார்த்தபடி, தம்பி எந்தக் கதவால் வருவான் என்று என்னைக் கேட்டாள்.